நாலு பேர், நாலு சிம்: ஃபமிலி பக்கேஜ் இலாபமா?



வீட்டில் நாலு பேருக்கும் சேர்த்து ஒரே போஸ்ட்பெய்ட் ஃபமிலி பக்கேஜ் எடுக்கலாமா, இல்லை இப்போது போலவே ஆளுக்கொரு பிரீபெய்ட் சிம்மோடு இருக்கலாமா என்று பாடசாலையில் பலர் கேட்கிறார்கள். நாங்கள் மூன்று மாதம் கொப்பியில் எழுதிப் பார்த்தோம். கம்பனிக்குக் கம்பனி விலை வேறுபடுவதால், விளங்குவதற்காகத் தொகைகளை முழு எண்ணாக்கித் தருகிறோம்.

முதலில் பிரீபெய்ட். எனக்கு மாதம் 900 ரூபாய், மனைவிக்கு 600, உம்மாவுக்கு 500, ஏ.எல். படிக்கும் மகனுக்கு 1,200. மொத்தம் 3,200. ஆனால் அது முழுக் கணக்கல்ல. மகனுடைய டேட்டா சூம் வகுப்புகளால் 30 நாளுக்கு முன்பே முடிந்துவிடும். இன்னொரு டேட்டா காட் போட 200 ரூபாய். கடை பூட்டிய நேரத்தில் இரண்டு தரம் அவசரக் கடன் ரீலோட் எடுத்தால், அடுத்த ரீலோட்டில் கடனோடு சேவைக் கட்டணமாக ஒரு 50 ரூபாயும் வெட்டுப்படும். பிரீபெய்ட்டில் தாமதக் கட்டணமே இல்லை என்று நினைக்கிறோம். இந்த 50 ரூபாய்தான் அது. ஆக உண்மைச் செலவு 3,450.

இனி ஃபமிலி பக்கேஜ். விளம்பரத்தில் 3,000 என்று இருக்கும், பக்கத்தில் சின்ன எழுத்தில் 'வரி தவிர்த்து' என்றும் இருக்கும். 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். அதுவே 540 ரூபாய். மற்ற வரிகளும் சேர பில் 3,700 வரை வரும் என்று வைத்துக்கொள்வோம். பிரீபெய்ட்டை விட மாதம் 250 கூட.

"அதோடு வருகிற இலவசங்களைக் கணக்கில் எடுக்கவில்லையே" என்பீர்கள். எடுத்தோம். 600 ரூபாய் பெறுமதியான வீடியோ அப் ஒன்று தருகிறார்கள். நாங்கள் அதற்கு ஒருநாளும் காசு கட்டியதில்லை, ஆகவே எங்களுக்கு அதன் பெறுமதி பூச்சியம். வீட்டு ஆட்களுக்குள் பேச இலவசம். அது எங்கள் பிரீபெய்ட் பக்கேஜ்களிலும் இருக்கிறது, அதுவும் பூச்சியம். இரவு டேட்டா நடுச்சாமத்துக்குப் பிறகுதான் வேலை செய்யும். அந்த நேரம் உம்மாவும் நாங்களும் தூக்கம். இலவசம் ஒன்றுக்கு விலை போடும்போது, அது இல்லாவிட்டால் நாங்கள் காசு கொடுத்து வாங்குவோமா என்று மட்டும் பார்த்தால் போதும்.

அந்த அப்புக்கு ஏற்கனவே 600 ரூபாய் கட்டுகிற வீடென்றால் கணக்கு மாறும். 3,700இல் 600ஐக் கழித்தால் 3,100; பிரீபெய்ட்டை விட 350 ரூபாய் மிச்சம். அவர்களுக்கு ஃபமிலி பக்கேஜ்தான் நல்லது, ஆனால் பில்லை நேரத்துக்குக் கட்டினால் மட்டும். தாமதக் கட்டணமும் திரும்ப இணைக்கும் கட்டணமும் சேர்ந்து 350 ஆனால், ஒருமுறை பிந்தியதிலேயே அந்த மாத இலாபம் போய்விடும்.

ஆகவே கையெழுத்து வைக்கும் முன் கடைசித் திகதியைக் கேளுங்கள். பில் 15ஆம் திகதிக்குள், சம்பளம் அதற்குப் பிறகு என்றால் ஒவ்வொரு மாதமும் அந்தரம்தான். பில் திகதியை மாற்றித் தருவார்களா, வங்கியிலிருந்து தானாகக் கட்டுப்பட வைக்கலாமா என்றும் கேளுங்கள். இன்னொன்று: நாலு நம்பரும் ஒரே கணக்கு. காசு கட்டாமல் வெட்டினால் நாலும் ஒன்றாக நிற்கும். பிரீபெய்ட்டில் மகனுடைய காசு முடிந்தாலும் உம்மா புத்தளத்திலுள்ள தங்கச்சியோடு பேசிக்கொண்டுதான் இருப்பார். பொதுவில் வரும் டேட்டாவை ஒருவரே 20ஆம் திகதிக்குள் முடித்துவிடாமல், நம்பர் நம்பராக அளவு போட முடியுமா என்பதும் முக்கியம்.

எங்களைப் போன்ற தீவு ஆட்களுக்கு சிக்னலும் ஒரு கணக்கு. ஊர்காவற்றுறையில் நன்றாக எடுக்கிற சிம், குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவில் படிப்பிக்கப் போகிறவருக்கு வகுப்பறைக்குள் எடுக்குமென்று சொல்ல முடியாது. ஃபமிலி பக்கேஜ் என்றால் நாலு பேரும் ஒரே கம்பனி. எங்கள் வீட்டில் இரண்டு கம்பனி சிம் இருப்பதே அதனால்தான். மாறுவதற்கு முன் அந்தக் கம்பனியின் மலிவான பிரீபெய்ட் சிம் ஒன்றை வாங்கி, ஒவ்வொருவரும் வேலை செய்யும் இடத்தில் இரண்டு நாள் போட்டுப் பாருங்கள்.

இப்போதைக்கு நாங்கள் பிரீபெய்ட்டிலேயே இருக்கிறோம். மகனுக்கு மட்டும் ஒரு படி பெரிய பக்கேஜ் போட்டோம். மாதக் கடைசி டேட்டா காட் நின்றுவிட்டது. சின்னவளுக்கும் சூம் வகுப்பு தொடங்கினால் திரும்பக் கொப்பியை எடுக்க வேண்டும். உங்கள் வீட்டுக் கணக்கையும் கீழே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.