குளமா, களமா?

கல்வெட்டில் மைப்படி எடுப்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் நெறியாளர். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைந்த தாளை ஒட்டி, எழுத்துப் பள்ளங்களுக்குள் தாள் இறங்கும்வரை தூரிகையால் தட்டி, அதன்மேல் மை ஒற்ற வேண்டும். கறுப்பில் வெள்ளையாக எழுத்து எழுந்து வரும். முதல்முறை அது வந்தபோது நான் கல்லைப் பார்க்கவில்லை. சோழர் காலத்து மனிதர் ஒருவர் பேசுவதைக் கேட்பவர்போல் நின்ற அவர் முகத்தைத்தான் பார்த்தேன்.

அங்கே தொடங்கியது. எனக்கு இருபத்தாறு வயது. மாதாமாதம் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகைக்கு அவர் கையெழுத்து வேண்டும். இரண்டாண்டு முடிந்து எஸ்.ஆர்.எஃப். ஆவதற்கான மதிப்பீட்டுக் குழுவில் அவரும் ஒருவர். ஆய்வுச் சுருக்கமும் அவர் பார்த்து ஒப்பமிடாமல் நகராது. என் அறை வாடகை முதல் பெயருக்கு முன்னால் வரப்போகும் பட்டம்வரை அந்த ஒரு பேனாவில்தான் இருந்தது. அப்போது இதையெல்லாம் நான் கணக்கில் எடுக்கவில்லை. அவர் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டால் மட்டும் கை தானாகத் தலைமுடியைச் சரிசெய்யும்.

பழைய கல்வெட்டில் புள்ளி பெரும்பாலும் இருக்காது. ரகரத்துக்கும் காலுக்கும் வடிவம் ஒன்றே. அதனால் ‘வர’ என்பதையும் ‘வா’ என்பதையும் இடம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். படிக்கிறவன் எதை எதிர்பார்க்கிறானோ அது கல்லில் தெரிந்துவிடும் என்று சார் அடிக்கடி எச்சரிப்பார். அவர் பேச்சை நான் அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தேன். “நல்லாப் படிச்சிருக்கீங்க” என்று சொன்னால், அறைக்கு வந்து அதில் இல்லாத புள்ளிகளை வைத்துப் பார்ப்பேன்.

ஒரு நிலதானக் கல்வெட்டில் எல்லை சொல்லும் இடம். ‘குளம்’ என்று படித்திருந்தேன். அவசரமாக வகுப்புக்குப் போகும் வழியில் சார் எட்டிப் பார்த்து, “களம் மாதிரி இருக்கே” என்றார். உடனே அடித்துவிட்டுக் ‘களம்’ என்று எழுதினேன். மதிப்பீட்டுக் கூட்டத்தில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர், “அடுத்த வரியில தூம்பு வருது. களத்துக்கு எதுக்கும்மா தூம்பு?” என்று கேட்டார். நீர் போகும் மதகுதான் தூம்பு. எனக்கு அது தெரியும். என் குறிப்பேட்டிலேயே அந்தக் காரணம் இருந்தது. கூட்டம் முடிந்ததும் சார் வருத்தத்தோடு கேட்டார்: “நான் நின்ன வாக்குல சொன்னது. நீங்க ஏம்மா மாத்துனீங்க?”

அதற்கு என்னிடமிருந்த பதிலை அவரிடம் சொல்ல முடியாது.

துறையில் எனக்கு மூத்தவரான ஓர் அக்காவிடம் சொன்னேன். அவர் அதிர்ச்சியடையவில்லை. “அவர்கிட்ட சொல்லிடலாம்னு இருக்கியா? அவர் வேணாம்னா, அடுத்த மாசம் எந்த முகத்தோட கையெழுத்துக்குப் போவே? சரின்னுட்டார்னு வை, அப்புறம் உன் குளம் குளந்தான்னு உனக்கு யார் சொல்லுவா?” என்றார். நான் பயந்தது ஊர்ப்பேச்சுக்கு மட்டும்தான். என் படிப்பு சரியா என்று எனக்கே தெரியாமல் போய்விடும் என்பது அதுவரை தோன்றவில்லை.

சிந்தனையாளர் ஹன்னா அரெண்டின் கதையை அக்கா சொல்லித்தான் அறிந்தேன். 1924-இல் மார்பூர்க் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. ஆசிரியர் ஹைடெகருக்கு முப்பத்தைந்து, மணமானவர். உறவு இருவருக்குமானது. ஊரை விட்டுப்போய் ஹைடல்பெர்க்கில் யாஸ்பர்ஸிடம் ஆய்வை முடித்தவர் மாணவிதான். (ஆசிரியரே கையை நீட்டினால் அது வேறு கதை. அதற்குப் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் புகார்க் குழுவும் இருக்கின்றன. என் கதையில் சார் ஒரு தப்பும் செய்யவில்லை.)

நெறியாளரை மாற்றுவது பற்றியும் யோசித்தேன். கல்வெட்டு தெரிந்தவர் துறையில் வேறு யாருமில்லை. ஆகவே சின்னச் சின்னதாகச் சிலவற்றை மாற்றிக்கொண்டேன். பேச்சை அவர் அறையிலிருந்து நூலக மேசைக்குக் கொண்டுவந்தேன். கள ஆய்வுக்கு அவர் காரில் போகாமல் மற்ற ஆய்வாளர்களோடு பேருந்தில் போனேன். இரவில் வாட்ஸ்அப்பில் சந்தேகம் கேட்பதை நிறுத்தினேன். அந்தச் சந்தேகங்களில் பாதி சந்தேகமே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எல்லாவற்றையும்விட உதவியது ஒன்று: அவரிடம் காட்டுமுன் என் படிப்பைப் பேனாவால் எழுதித் தேதி போடுவது. மாற்றினால் பக்கத்திலேயே காரணமும் எழுத வேண்டும். ‘சார் சொன்னார்’ என்பது காரணமாகாது.

மனசு உடனே அடங்கிவிட்டது என்று சொன்னால் பொய். அந்தச் செருப்புச் சத்தம் ஒன்றரை வருடம் அப்படியேதான் கேட்டது.

வாய்மொழித் தேர்வு முடிந்து சில மாதம் கழித்துக் கைப்பேசியில் ஒரு மைப்படிப் படம் அனுப்பியிருந்தார். “மூணாவது வரி எனக்குப் பிடிபடலை. நீங்க எப்படிப் படிக்கிறீங்க?” குறிப்பேட்டை எடுத்துத் தேதி போட்டேன்.