வரைபு விழத் தொடங்கிய இடம்

பத்திரிகையில் முப்பது ஆண்டுகள் எழுதிய எனக்கு, ஒரு கட்டுரையை வாசகர் எந்த வரியில் நிறுத்திவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார் என்பது ஒருநாளும் தெரிந்ததில்லை. எப்போதாவது வரும் கடிதங்களும், தேநீர்க் கடையில் யாரேனும் கூறும் ஒரு வார்த்தையுமே எமக்குக் கிடைத்த அளவுகோல்கள். கடிதம் எழுதுபவர் முழுவதையும் வாசித்தவர். பாதியில் விட்டவர் கடிதம் எழுதுவதில்லை. ஆகவே எமது கட்டுரைகளை எல்லோரும் இறுதிவரை வாசித்தார்கள் என்ற இன்பமான மயக்கத்திலேயே காலம் கழிந்தது.

அந்த மயக்கத்தைக் கலைத்தது யூரியூப். பழைய கடற்பயணங்களைப் பற்றிக் காணொளிகள் செய்ய வேண்டுமென்ற ஆசையில் ஓர் அலைவரிசையைத் தொடங்கினேன். முதற் காணொளிக்கு 'அன்னபூரணி' கப்பலை எடுத்துக்கொண்டேன். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அந்தப் பாய்க்கப்பலை வில்லியம் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். எம்மூர் மாலுமிகள் அதைச் செலுத்திச் சென்று, 1938 ஆம் ஆண்டு மாசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். கதை பெரியது. நான் செய்த காணொளி 11 நிமிடம் 20 விநாடி.

இரண்டு வாரங்களில் 1,840 பார்வைகள் கிடைத்தன. மகிழ்ந்துபோய் என் பெறாமகனிடம் கூறினேன். அவன் மகிழவில்லை. "எவ்வளவு நேரம் பாத்தவை எண்டு பாத்தனீங்களோ பெரியப்பா?" என்று கேட்டுவிட்டு, என் கணினியில் யூரியூப் ஸ்ரூடியோவைத் திறந்து, அந்தக் காணொளிக்குரிய பகுப்பாய்வுப் பக்கத்தில் Key moments for audience retention என்ற தலைப்பின் கீழுள்ள வரைபைக் காட்டினான். சராசரியாக ஒருவர் பார்த்த நேரம் 3 நிமிடம் 24 விநாடி. அதாவது காணொளியின் 30 வீதம். என் பதினொரு நிமிடங்களில் எட்டு நிமிடங்கள், சராசரியான ஒரு பார்வையாளரைப் பொறுத்தவரை, இல்லாதவை.

வரைபை வாசிப்பது கடினமன்று. கிடையாகக் காணொளியின் நேரம். நிலைக்குத்தாக, மொத்தப் பார்வைகளில் அந்தக் கணத்தைப் பார்த்தவை எத்தனை வீதம் என்பது. ஒருவர் பின்னே சென்று ஓர் இடத்தை மறுபடி பார்த்தால் அதுவும் எண்ணப்படும். ஆகவே கோடு இறங்குவது மட்டுமன்றி இடையிடையே ஏறவும் கூடும். எங்கே எவ்வளவு இறங்கியது என்பதைவிட, எந்த விதமாக இறங்கியது என்பதே கவனிக்க வேண்டியது. மெல்ல மெல்லச் சரிந்தால், சொல்லும் பொருள் கொஞ்சங்கொஞ்சமாகப் பிடி தளர்கிறது என்று பொருள். செங்குத்தாக விழுந்தால், அந்த இடத்தில் ஏதோ ஒன்று ஆட்களைத் துரத்தியிருக்கிறது. குழியாக விழுந்து மீண்டும் பழைய உயரத்துக்கு வந்தால், ஆட்கள் போகவில்லை. அந்தப் பகுதியைத் தாண்டிக் குதித்திருக்கிறார்கள். இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் மருந்தும் தவறிவிடும்.

என் வரைபில் முதல் அரை நிமிடம் முடியும்போது 52 வீதமானோரே மிஞ்சியிருந்தார்கள். அந்த அரை நிமிடத்தில் நான் என்ன செய்திருந்தேன்? பன்னிரண்டு விநாடி இசையோடு அலைவரிசையின் சின்னம் சுழன்றது. பிறகு வணக்கம் கூறி, என்னை அறிமுகப்படுத்தி, இன்று நாம் பார்க்கப்போவது என்னவென்று விளக்கிக்கொண்டிருந்தேன். கிராமத்து வாசிகசாலை ஆண்டுவிழாவில் தலைமையுரை ஆற்றுபவரைப் போல! செய்தியின் சாரத்தை முதற் பந்தியிலேயே வைக்கவேண்டும், இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டலாம் என்று எத்தனை இளம் நிருபர்களுக்குப் படிப்பித்திருப்பேன். கமராவுக்கு முன்னால் அமர்ந்ததும் அது எனக்கே மறந்துபோயிற்று.

அரை நிமிடத்திலிருந்து மூன்றாம் நிமிடம் வரை வல்வெட்டித்துறையின் வரலாறு. கோடு 38 வரை மெல்லச் சரிந்தது. மூன்றாம் நிமிடத்தில் கப்பல் துறையை விட்டுப் புறப்பட்டதும் கோடு ஏறக்குறையப் படுத்துவிட்டது. சூயஸ் கடந்து, மத்தியதரைக் கடல் கடந்து, அத்திலாந்திக்கில் இறங்கும் வரை எவரும் எழுந்து போகவில்லை. இடையே, பயணப் பாதையைத் தேசப்படத்தில் காட்டிய இடத்தில் ஒரு சிறு மேடு. 35 இலிருந்து 41 க்கு ஏறி இறங்கியிருந்தது. எல்லோருக்கும் அந்தப் படம் பிடித்துவிட்டதென்று பெருமைப்பட்டேன். பெறாமகன் அந்த இடத்தை ஓடவிட்டான். தேசப்படம் திரையில் நின்றது நான்கே விநாடி. அதற்குள் ஊர்ப் பெயர்களை வாசிக்க முடியாமல் ஆட்கள் பின்னே சென்று பார்த்திருக்கிறார்கள். நான் பாராட்டென்று எடுத்துக்கொண்டது உண்மையில் ஒரு முறைப்பாடு. மேடு எல்லாம் இப்படித்தான் என்று கூறமாட்டேன். சில மேடுகள் உண்மையாகவே மறுபடி பார்க்கத் தூண்டியவை. எது எதுவென்று அந்தக் கணத்தைத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

என்னைத் துன்பப்படுத்தியது ஐந்தாம் நிமிடம். அங்கே ஒரு முதியவர் பேசுகிறார். அவருடைய தகப்பனார் அந்தக் காலத்துக் கப்பல் கட்டும் வாடியில் வேலை செய்தவர். மரங்களை எப்படித் தேர்ந்தார்கள், இடுக்குகளை எப்படி அடைத்தார்கள் என்று தகப்பனிடம் கேட்டதை இரண்டு நிமிடங்களுக்குச் சொல்கிறார். காணொளி முழுவதிலும் வேறெங்கும் கிடைக்காத சரக்கு அதுதான். வரைபிலோ அந்த இடத்தில் ஒரு கிணறு. 35 வீதம் 21 ஆகிவிட்டது. இனிமேல் முதியவர்களைப் பேசவைத்துப் பயனில்லை, அவர்கள் சொல்வதை நானே சுருக்கிச் சொல்லிவிடுவது நல்லதென்று அன்றிரவு முடிவெடுத்தேன். அடுத்த காணொளிக்கென எழுதி வைத்திருந்த இரண்டு செவ்விகளையும் வெட்டிவிட்டேன்.

மறுநாள் பெறாமகன் அந்த வெட்டைக் கண்டான். "விழுந்து முடிஞ்ச இடத்தைப் பாக்காதேங்கோ பெரியப்பா, விழத் தொடங்கின இடத்தைப் பாருங்கோ" என்றான். சுட்டியை வரைபின்மீது மெல்ல நகர்த்தி, விநாடி விநாடியாகப் பார்த்தோம். வீழ்ச்சி 5:10 இல் தொடங்கி 5:30 இல் முடிந்துவிட்டது. அந்த இருபது விநாடிகளில் முதியவர் பேசவே தொடங்கவில்லை. கடற்கரையில் காற்று ஒலிவாங்கியில் அடித்து இரைகிறது. அந்த இரைச்சலுக்குள் நான் ஒரு நீண்ட கேள்வியைக் கேட்கிறேன். ஒலி திடீரெனத் தாழ்ந்துவிடுகிறது. கைத்தொலைபேசியில் பார்ப்பவருக்கு ஏதோ பழுதாகிவிட்டதென்றே தோன்றும். 5:30 இல் முதியவர் வாயைத் திறக்கிறார். அதன்பின் இரண்டு நிமிடங்களுக்குக் கோடு அசையவே இல்லை. வாசலைத் தாண்டி உள்ளே வந்த ஒவ்வொருவரும் அவர் சொன்னதை முழுமையாகக் கேட்டிருக்கிறார்கள். ஆட்களைத் துரத்தியவன் நான். பழியை அவர் தலையில் போடவிருந்தேன்.

ஆகவே அடுத்த காணொளியில் செவ்விகள் திரும்பவும் இடம்பிடித்தன. பொருள், தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடிய கப்பற்சேவை. பாம்பன் பாலம் 1914 இல் திறக்கப்பட்டபின் கொழும்பையும் சென்னையையும் புகையிரதமும் கப்பலும் சேர்ந்து இணைத்ததும், 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததும் பலருக்குத் தெரிந்த கதை. வணக்கத்தையும் சுழலும் சின்னத்தையும் எடுத்துவிட்டேன். அந்தக் கப்பலில் சிறுவனாகப் பயணம் செய்த ஓய்வுபெற்ற புகையிரத ஊழியர் ஒருவர் கூறிய ஒரே வாக்கியத்தோடு காணொளி தொடங்கியது. முன்வரலாற்றை ஒரே இடத்தில் குவிக்காமல், பயணம் நகர நகர வேண்டிய இடத்தில் சிறிது சிறிதாகச் சொன்னேன். தேசப்படத்தைப் பன்னிரண்டு விநாடி நிறுத்தினேன். செவ்விக்குச் சட்டையில் பொருத்தும் சிறு ஒலிவாங்கி ஒன்று வாங்கினோம். என் கேள்வியை முழுவதும் வெட்டிவிட்டு, அவர் பேச்சை நேராகத் தொடங்கி, கீழே எழுத்திலும் போட்டேன். "இறுதியாக" என்ற சொல்லையும் கைவிட்டேன். முதற் காணொளியில் அந்தச் சொல்லை உச்சரித்த கணத்திலேயே 18 வீதம் 9 ஆகியிருந்தது. கூட்டம் முடியும் அறிகுறி கண்டவுடன் செருப்பைத் தேடுபவர்கள் நாங்கள்.

வெளியிட்ட கையோடு வரைபைத் திறந்துகொண்டிருந்ததில் பலனில்லை. அது நிரம்ப ஓரிரு நாட்கள் எடுக்கிறது. மூன்றாம் நாள் பார்த்தபோது அரை நிமிடத்தில் 68 வீதம். தேசப்படத்தில் மேடு இல்லை. இம்முறை மேடு இல்லாததே எனக்கு மகிழ்ச்சி. செவ்வி தொடங்கும் இடத்தில் 47 இலிருந்து 43 க்கு இறங்கி நின்றுவிட்டது. ஆறாம் நிமிடத்தில் மட்டும் புதிதாக ஒரு குழி. கப்பல்களின் நீளம், கொள்ளளவு என்று நாற்பது விநாடிக்கு ஒரு பட்டியல் வாசித்திருந்தேன். அதைக் குதித்துத் தாண்டிவிட்டுத் திரும்ப வந்திருக்கிறார்கள். அடுத்த முறை அந்த எண்களைத் திரையில் எழுத்தாகப் போட்டுவிட்டுக் கதையைத் தொடர்வேன்.

பல மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் எது பலித்ததென்று எப்படித் தெரியும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். தொடக்கத்தில் செய்த மாற்றத்தை வரைபின் தொடக்கத்திலும், செவ்வியில் செய்ததைச் செவ்வியிடத்திலும் தனித்தனியே பார்க்கிறோம். ஆதலால் ஓரளவு பிரித்தறியலாம். ஓரளவுதான். இரண்டாவது காணொளியின் இணைப்பை மன்னார்க்காரர் ஒருவர் தம் ஊர்க்குழுவில் பகிர்ந்திருந்தார். தேடி வந்தவர் பொறுமையாக இருப்பார். தற்செயலாகத் தட்டியவர் இருக்கமாட்டார். அந்த 68 இல் என் திருத்தத்தின் பங்கு எவ்வளவு, ஊர்ப்பற்றின் பங்கு எவ்வளவு என்று வரைபு கூறுவதில்லை. தலைப்பிலும் முகப்புப் படத்திலும் கொடுத்த வாக்குறுதி முதல் விநாடிகளில் நிறைவேறவில்லை என்றாலும் அதே வீழ்ச்சிதான் தெரியும். பழைய காணொளியோடு ஒப்பிடும்போது நீளமும் ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும். மூன்று நிமிடக் காணொளியின் வீதம் எப்போதும் அழகாகவே இருக்கும்.

ஓரிடத்தை மாத்திரம் வரைபு சொல்லியும் நான் தொடவில்லை. தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தைக் காட்டி, பேச்சின்றிப் பதினைந்து விநாடி கடலின் ஓசையை விட்டிருந்தேன். மூன்று வீதமானோர் அங்கே போய்விட்டார்கள். போகட்டும்.

சென்ற மாதம் புதிய ஒலிவாங்கியோடு வல்வெட்டித்துறைக்கு மீண்டும் போனேன். இம்முறை கடற்கரையில் அன்று, முதியவரின் வீட்டு விறாந்தையில் அமர்ந்துகொண்டோம். அதே விடயத்தை மறுபடி சொல்லுமாறு கேட்டபோது அவர் என்னை ஐயத்தோடு பார்த்தார்.

"அண்டைக்குச் சொன்னனான்தானே தம்பி, பிறகேன் திருப்பிக் கேக்கிறியள்?"

"அண்டைக்குக் காத்து குறுக்க கதைச்சுப்போட்டுது ஐயா" என்றேன். அவர் சிரித்துவிட்டு, மரத்திலிருந்து தொடங்கினார்.