விளக்கை யார் தூக்குறது?

பீடக் கலைவிழாவுக்கான ஸ்லைட்டில் 'மங்கல விளக்கேற்றல், வரவேற்பு நடனம்' என்று அடுத்தடுத்து வடிவாத்தான் இருந்தது. அதை நிமிடக்கணக்காகத் தாளில் எழுதேக்கதான் தெரிஞ்சது: மேடை நடுவில் எரியிற குத்துவிளக்கை அகற்ற ஆளுமில்லை, நேரமுமில்லை. எண்ணெயோட தூக்கவும் ஏலாது. விளக்கை முதலே ஓரத்தில் வைக்க முடிவெடுத்தோம். விருந்தினர் இறங்குறதுக்குத் தனி வரி வந்தது. 6.05 விளக்கேற்றல், 6.09 இறங்குதல், 6.11 நடனம்.

பாட்டைப் போடுறதுக்கான சைகையாக 'அறிவிப்பாளர் நன்றி சொன்னதும்' என்று எழுதியிருந்தேன். ஒத்திகையில் அவள் மூன்று தரம் நன்றி சொன்னாள். முதலாவதுக்கே பாட்டு தொடங்கிட்டுது. 'கடைசிப் பிள்ளை கையை உயர்த்தினதும்' என்று திருத்தினேன். பொறுப்பு நிரலில் இருந்த 'ஒலிக்குழு'வை வெட்டிப்போட்டு ஒரேயொரு ஆளின்ர பெயரை எழுதினேன்.

விழாவன்று நடனம் தொடங்க 6.20 ஆச்சு. பிரதம விருந்தினர் பிந்தினால் என்ன செய்யிறதெண்டு எங்கட தாளில் வரியே இல்லை.