ஒரு வாக்கியத்துக்கு மூணு போர்வை

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், மண்ணில் ஈரம் குறைஞ்சா தானாகவே மோட்டாரை ஓட விடும் ஒரு சின்ன கருவி. அதோட டெமோ வீடியோ நாலு நிமிஷம். எடிட்டிங் முடிஞ்சு மியூசிக்கும் போட்டாச்சு. அதுக்கப்புறம் தோட்டத்தில் வச்சு டெஸ்ட் பண்ணினதில் 40 சதவீதம் என்ற அளவை 35 ஆக மாத்த வேண்டி வந்தது. ரிவ்யூவில் முதல் கேள்வியே அந்த நம்பர் மேலதான் வரும். ஆக, "ஈரம் 40 சதவீதத்துக்குக் கீழே போனால் மோட்டார் ஓடும்" என்ற ஒரே வாக்கியத்தை மறுபடி பேசி ஒட்டணும். பழைய குரல் ஹாஸ்டல் ரூமில் பதிவானது. நான் இருப்பதோ ஸ்டடி லீவில், வீட்டில்.

இந்த வேலையில் புது ஆடியோ நல்லா இருக்கணும்னு அவசியமே இல்லை. பழசு மாதிரி இருக்கணும், அவ்வளவுதான். பளிச்சுன்னு சுத்தமா ஒரு வரி நடுவில் வந்தாலும் கேட்கிறவருக்கு உடனே தெரிஞ்சிடும். அதனால முதல் வேலை, மியூசிக்கை மியூட் பண்ணிட்டு பழைய குரலை இயர்ஃபோனில் கேட்பது. எங்க ட்ராக்கில் குரல் கிட்டத்திலிருந்து வருது, ரூமோட எதிரொலி லேசா இருக்கு, பின்னாடி ஃபேன் சத்தம் மெல்லிசா ஓடிக்கிட்டே இருக்கு. இந்த மூணையும்தான் வீட்டில் திரும்ப உண்டாக்கணும்.

எதிரொலியில் ஆரம்பிப்போம். எங்க வீட்டு ஹாலில் டைல்ஸ் தரை, வெறும் சுவர். ஒரு தடவை கை தட்டிப் பாருங்க. தட்டினதுக்கு அப்புறம் "ட்ரிங்"னு ஒரு வால் நீளுதே, அதுதான் பிரச்சினை. பழைய பதிவில் இருக்கிற எதிரொலியைவிட இது அதிகம். எதிரொலியைப் பின்னாடி சேர்ப்பது சுலபம், பதிவானதை எடுப்பது ரொம்பக் கஷ்டம். அதனால தேவையைவிடக் குறைவா பதிவு பண்ணிக்கணும்.

போர்வையை எங்கே தொங்கவிடணும் என்பதில்தான் நிறைய பேர் குழம்புறாங்க. வாயிலிருந்து கிளம்புற சத்தம் நேரா போய் ஃபோனுக்குப் பின்னாடி இருக்கிற சுவரில் மோதித் திரும்பும். முதல் போர்வை அங்கேதான். துணி காயப்போடுற கொடியில், சுவரை ஒட்டாம ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டா இன்னும் நல்லா உறிஞ்சும். இரண்டாவது உங்க முதுகுக்குப் பின்னாடி. மூணாவதை மடிச்சு மேசை மேல் விரிச்சு, அதன் மேல் ஃபோன். தலையோட போர்வைக்குள்ள புகுந்து பேசாதீங்க. மேல் சத்தம் மட்டும் அடங்கிப்போய், பெட்டிக்குள்ளிருந்து பேசுற மாதிரி கேட்கும். இன்னொண்ணு, போர்வை தெருவில் போற பைக்கை நிறுத்தாது. அதுக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல காத்திருப்பதுதான் வழி.

ஃபேனை அணைச்சே ஆகணும். பழசுலயும் ஃபேன் சத்தம் இருக்கேன்னு ஓட விட்டா, அது வேற ஃபேன், வேற சுருதி. பழைய ட்ராக்கில் பேச்சுக்கு நடுவே இருக்கிற மௌனத்தை வெட்டி எடுங்க. எனக்கு இரண்டு செகண்ட் துண்டு ஒண்ணு கிடைச்சது. அதை இரண்டு மூணு தடவை ஒட்டி, ஒட்டுமிடத்தில் க்ராஸ்ஃபேட் கொடுத்து, புது வரிக்கு அடியில் போட்டேன். ஹாஸ்டல் ஃபேன் வீட்டுக்கே வந்துடுச்சு.

அதே ஃபோன், அதே ரெக்கார்டிங் ஆப். ஆப் மாறினா ஃபோன் தானா பண்ற சத்தக் குறைப்பும் மாறலாம். ஏரோப்ளேன் மோட், ஒரு சாண் தூரம், வாய்க்கு நேரா இல்லாம கொஞ்சம் ஓரமா. "போனால்"ல வர்ற 'போ' மைக்கில் காத்தா அடிக்காது. 35 என்ற சொல்லை மட்டும் பேசி ஒட்டலாம்னு தோணும், வேண்டாம். குரல் ஏறி இறங்குற இடம் பொருந்தாது. நான் முந்தின வாக்கியத்தை ஒரு காதில் கேட்டுக்கிட்டே அதோட சேர்த்துப் பேசினேன், ஏழெட்டு தடவை. பயன்படுத்தினது கடைசி வாக்கியத்தை மட்டும்.

அப்புறம் Audacity-ல `Reverb`. `Room Size`, `Reverberance` இரண்டையும் ரொம்பக் கீழே வச்சு, பழைய வரி, புது வரின்னு மாத்தி மாத்திக் கேட்டு கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினேன். சத்த அளவையும் காதாலேயே சரி பண்ணினேன், ஏன்னா அலைவடிவம் ஒரே உயரத்தில் தெரிஞ்சாலும் காதுக்கு ஒரே அளவா இருக்காது. கடைசியில் மியூசிக்கைத் திரும்பப் போட்டு ஃபோன் ஸ்பீக்கரில் ஒரு தடவை, இயர்ஃபோனில் ஒரு தடவை.

டீம்ல ஒருத்தன்கிட்ட எதை மாத்தினேன்னு சொல்லாம அனுப்பி, எந்த வரி புதுசுன்னு கேட்டேன். "ரெண்டாவது நிமிஷத்துல சென்சார் பத்திப் பேசுறியே, அதுதானேடா?"ன்னான். அது பழைய வரி.