பின்னலுக்கு அடியில் ஒரு மொட்டை

என் முடியைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் "கொடுத்து வச்சவ" என்பார்கள். இடுப்பைத் தொடும் நீளம். ரப்பர் பேண்டில் கட்டினால் குதிரைவாலின் சுற்றளவே பன்னிரண்டரை சென்டிமீட்டர் வரும். தையல் டேப் வைத்து அளந்திருக்கிறேன். ஆனால், அது காய நாலு மணி நேரம் ஆகும் என்பதை யாரும் கேட்டதில்லை.

நான் வேலைக்கு மோட்டாரில் போகிறவள். காலையில் தலை குளித்துவிட்டு, பாதி ஈரத்தோடு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஈப்போ வெயிலில் போனால், அலுவலகம் சேரும்போது காதுக்கு மேலேயும் பிடரியிலும் முடி வெந்து போயிருக்கும். கொண்டை போட்டால் ஹெல்மெட் இறங்காது. பின்னலைத் தாழ்த்திக் கட்டினால் சாயங்காலத்திற்குள் பிடரியில் வலி. 2018-இல் அரிப்பு தாங்காமல் கிளினிக்குப் போனேன். டாக்டர் முடியை விலக்கிப் பார்த்துவிட்டு, பூஞ்சைப் பொடுகு என்றார். ஷாம்பு எழுதிக் கொடுத்தார். "தலையைக் காய வைங்க, அதான் பாதி மருந்து" என்றும் சொன்னார். காய வைப்பது முடிகிற காரியமாக இருந்தால் நான் ஏன் அவரிடம் போகிறேன்?

நான் வழக்கமாகப் போகும் சலூன்கார சீன ஆண்ட்டிதான் அண்டர்கட் யோசனையைச் சொன்னார். நீளத்தைக் குறைத்தால் பாரம் கொஞ்சம் குறையும், அடர்த்தி குறையாது. எனக்குத் தொல்லை தருவது அடர்த்திதான் என்றார். மேல் முடியை அப்படியே விட்டுவிட்டு, அடியில் இருப்பதை மெஷினால் எடுத்துவிடுவது. பின்னலை அவிழ்த்துவிட்டால் மேல் முடி அதை மூடிவிடும்.

அதில் கோடு போடுவதுதான் வேலை. வால் சீப்பால் ஒரு காதின் மேல் நுனியிலிருந்து தொடங்கி, பின் மண்டை எலும்பு புடைத்திருக்கும் இடத்தின் வழியாக மறு காதுவரை கோடு இழுத்தார். பக்கங்களில், மண்டை மேல்நோக்கி வளையத் தொடங்கும் இடத்திற்குக் கீழேயே கோடு நிற்க வேண்டும். அதைத் தாண்டி மேலே போய்விட்டால், காற்றடிக்கும்போதும் முடியைத் தூக்கிக் கட்டும்போதும் வெள்ளையாகத் தலை தெரியும், மூடுவதற்குப் போதுமான முடியும் இருக்காது. நெற்றிப் பொட்டின் ஓரத்தில் ஒரு விரல் அகலத்திற்கு முடியை எடுக்காமல் விட்டார். அதுதான் திரைச்சீலை. முதல் தடவை நான்காம் எண் சீப்பைப் பொருத்தி, ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் விட்டு எடுத்தார். "பிடிக்கவில்லை என்றால் இங்கேயே நிறுத்தலாம்" என்றார். எனக்குப் பிடித்திருந்தது. அடுத்த தடவை இரண்டாம் எண்ணுக்கு, அதாவது 6 மில்லிமீட்டருக்கு இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து டேப்பை எடுத்து அளந்தேன். ஏழரை சென்டிமீட்டர். தலை ஒன்றரை மணி நேரத்தில் காய்ந்தது. அரிப்பு இரண்டு மாதத்தில் அடங்கியது. ஹெல்மெட் முதல் முறையாகத் தலையில் சரியாக உட்கார்ந்தது.

அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் பாட்டியிடம் எப்படி மறைப்பது?

பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே முப்பது ஆண்டுக்கு மேல் பால் வெட்டியவர். இப்போது அந்த ரப்பர் மரங்கள் இல்லை. செம்பனை வந்து, லயமும் போய், பாட்டி தாமானில் ஒரு தொடுப்பு வீட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போனால் தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பார். அன்றைக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பாட்டியின் விரல் காதுக்குப் பின்னால் போய் நின்றது. முடியைத் தூக்கிப் பார்த்தார். நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

"யாருடி சிரைச்சது? நல்லா நேரா எடுத்திருக்கான்" என்றார்.

பிறகுதான் அவர் கதையைச் சொன்னார். விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைந்தால், மரத்திலிருந்து சொட்டும் பாலும் வாளியிலிருந்து தெறிக்கும் பாலும் தலைத்துணியைத் தாண்டி முடியில் படும். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் போய்விடும். காய்ந்துவிட்டால் ஒட்டுப்பால் மாதிரி இழுபடும், முடியோடுதான் வரும். அதனால்தான் பெண்கள் வேலைக்குப் போகுமுன் எண்ணெயை அப்பிக்கொண்டு, கொண்டையை இறுக்கி, மேலே துணியைச் சுற்றினார்களாம். எண்ணெய் இருந்தால் பால் அவ்வளவாகப் பிடிக்காது. அப்படியும் பிடித்துவிட்டால் கத்தரிக்கோல்தான். பிடரியில் ஒரு கொத்து, காதோரம் ஒரு கொத்து என்று பாட்டியும் வெட்டியிருக்கிறார். "மேல இருக்கிறத இழுத்து முடிஞ்சிட்டா யாருக்குத் தெரியும்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சீன ஆண்ட்டி சொன்னதும் அதேதான்.

தோட்டத்துப் பெண்கள் முடியை வெட்டியதில் இன்னொரு கதையும் உண்டு. 1943-இல் நேதாஜி சிங்கப்பூரில் ராணி ஜான்சி படையை அமைத்தபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் பலர் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் படையின் புகைப்படங்களைப் பார்த்தால், தொப்பிக்கு அடியில் கழுத்தளவு வெட்டிய முடியைப் பலரிடம் காணலாம். நீளமுடி பெண்ணுக்கு அழகு என்று சொல்லும்போது நாம் அந்தப் படங்களை மறந்துவிடுகிறோம்.

அண்டர்கட்டின் தொல்லை அதைப் பராமரிப்பதில் இருக்கிறது. முடி மாதத்திற்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வளரும். 6 மில்லிமீட்டராக வைத்திருப்பது மூன்றே வாரத்தில் இரண்டு மடங்காகிவிடும். மூன்று வாரத்திற்கு ஒரு முறை சலூன். அப்படியே ஒன்றரை ஆண்டு ஓடியது. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. சலூன் மூடியது. ஜூன் மாதம் மீண்டும் திறந்தபோது, என் காதுக்கு மேல் நாலு சென்டிமீட்டர் முடி பிரஷ் மாதிரி நட்டுக்கொண்டு நின்றது.

அதற்குள் 2022 தை மாதத்தில் எனக்குக் கல்யாணம் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அம்மாவுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. அம்மா கண்ணீரெல்லாம் விடவில்லை. நேராகக் கணக்குக்குப் போனார். "குனோங் சீரோ முருகனுக்கு வேண்டிக்கிட்டு மொட்டை போட்டுடு. எல்லாம் ஒரே அளவா வளரும். மொட்டை போட்டா அடர்த்தியாவும் வளரும்" என்றார்.

இதில் இரண்டாவது பேச்சு சரியில்லை. மொட்டை அடித்தால் முடி கூடுதலாக வளராது. வளர்ச்சியெல்லாம் தோலுக்கு அடியில் வேரில் நடக்கிறது. கத்தி மேலே இருப்பதைத்தான் வெட்டுகிறது. வளர்ந்த முடியின் நுனி தேய்ந்து மெலிந்திருக்கும், வெட்டிய முடியின் நுனி மொட்டையாக நிற்கும். தடவிப் பார்த்தால் தடிப்பாகத் தெரிவது அதனால்தான். முதல் பேச்சையோ தள்ள முடியவில்லை. கணக்குப் போட்டேன். ஜூனில் மொட்டை போட்டால் கல்யாணத்திற்குள் தலை முழுவதும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும். போடாவிட்டால் அடி முடி இருபத்தேழு வரை வரும், மேலே நீளமும் மிஞ்சும். பாட்டிதான் முடித்து வைத்தார்: "வேண்டுதல் இல்லாம, முடி வளரணும்னு முருகனுக்கு மொட்டையா? அவன் என்ன சலூனா வச்சிருக்கான்?"

வளர்க்கும்போது ஆண்ட்டி ஒரு காரியம் செய்தார். எல்லாவற்றையும் ஒரேயடியாக வளரவிடவில்லை. பக்கங்களை மட்டும் விட்டுவிட்டு, பிடரியை ஆறு வாரத்திற்கு ஒரு முறை குட்டையாக எடுத்துக்கொண்டே வந்தார். பிடரி கூடவே வளர்ந்தால் கழுத்தில் வாத்து வால் மாதிரி நிற்கும், பக்கத்தில் இருப்பது இன்னும் குட்டையாகத் தெரியும். கோடு போட்ட இடத்தில் கத்தரியால் சீப்பின் மேல் வெட்டி, படி தெரியாமல் சரித்துவிட்டார். மேல் முடியிலும் ஒரு சாண் குறைத்தேன். அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரைதான் மோசம். நாலைந்து சென்டிமீட்டர் முடிக்குக் கீழே படுக்கிற அளவு பாரம் இல்லை. அது நேராக நின்று மேல் முடியையும் வெளியே தள்ளும். கண்ணாடியில் என் முகம் காதிலிருந்து காதுவரை அகலமாகிப் போனது. கிளிப்பு நிற்காது, வழுக்கும். ஈரமாக இருக்கும்போது கொஞ்சம் ஜெல் தடவி, பருத்தித் துணியை நெற்றியோடு சுற்றி இருபது நிமிடம் கட்டி வைத்தால் படுத்தது. அதற்குமேல் கட்டி வைத்தால் பழைய அரிப்பு எட்டிப் பார்த்தது. ஆச்சரியம், ஹெல்மெட்தான் இப்போது எனக்கு உதவியது. எட்டாம் மாதம் காதுக்குப் பின்னால் ஒதுக்க முடிந்தபோது பிடரியையும் வளரவிட்டோம்.

கல்யாணத்தன்று அலங்காரம் செய்ய வந்த அக்கா, சவுரியையும் பூ வைத்த ஜடை வில்லைகளையும் மேல் முடியில் மட்டும் கட்டப் பார்த்தார். பத்து நிமிடத்தில் நெற்றியோரம் சுரீர் என்று இழுத்தது. முடிக்கற்றைகள் பாதியாக இருந்தால், அதே பாரம் ஒவ்வொரு வேரையும் இரண்டு மடங்கு இழுக்கும். அவிழ்க்கச் சொன்னேன். அடி முடியைத் தனியாக இறுக்கமில்லாமல் இரண்டாகப் பின்னி, குறுக்காக வைத்துப் பின் குத்தி, அதன்மேல் ஜடையை உட்கார வைத்தார். தாலி ஏறும்வரை தலை வலிக்கவில்லை.

இப்போது அடி முடி முழுவதும் பின்னலுக்குள் போய்விட்டது. டேப்பில் மறுபடியும் பன்னிரண்டு சென்டிமீட்டர். நாலு மணி நேரம் காய்கிறது. போன மாதம் பிடரியில் அரிப்பு தொடங்கியதும், ஞாயிற்றுக்கிழமை பாட்டியிடம் முதுகைக் காட்டியபடி மெதுவாகக் கேட்டேன்.

பாட்டி எண்ணெய்க் கையால் பின்பக்க முடியைத் தூக்கி, கழுத்துக்கு மேலே விரலால் ஒரு கோடு இழுத்தார்.

"இதுக்குக் கீழ மட்டும் எடு. காதுப் பக்கம் போவாத, அதுதான் வளர நாளாவுது" என்றார்.