அறுபது நொடிக்குள் ஒரு கரிமூட்டம்

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போகிற சாலையில் காரியாபட்டி தாண்டி உள்ளே திரும்பினால், கண்மாய்க் கரையிலும் தரிசிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் சீமைக்கருவேலம். மழை பொய்த்த வருடங்களில் பல வீடுகளுக்கு இந்த மரம்தான் கைகொடுக்கிறது. வெட்டி, அடுக்கி, மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்கிறார்கள். அப்படியொரு வீட்டுப் பெண், கல்லூரியில் படிக்கிறவள், தன் மூட்டத்துக் கதையை ஒரு நிமிட வீடியோவாக எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். வெட்டி ஒட்டித் தருபவர் காரியாபட்டியில் கல்யாண வீடியோ எடுக்கும் ஓர் இளைஞர். நான் போன நேரம் இருவருக்கும் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

முதலில் மூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், கதையே அதற்குள்தான் இருக்கிறது. விறகை நெருக்கி அடுக்கி, மேலே செத்தையும் தழையும் பரப்பி, ஈர மண்ணால் பூசி மூடுகிறார்கள். உள்ளே தீ வைத்தபின் விறகு எரியக்கூடாது, வேக வேண்டும். அதற்குத் தேவையான காற்று மட்டும் போனால் போதும். ஆரம்பத்தில் ஈரம் வெளியேறுவதால் வெள்ளைப் புகை கனமாக வரும். நாள் போகப் போகப் புகை மெலிந்து நீலம் பாயும். இடையில் மண் வெடித்து வாய் விட்டால் காற்று புகுந்துவிடும். அப்புறம் கரி கிடைக்காது, சாம்பல்தான். அதனால் இரவெல்லாம் ஆள் காவல் இருக்க வேண்டும்.

அவளுடைய அப்பா வெளியூர்ச் சாவுக்குப் போன ஓர் இரவு, அவள் தனியாகக் காவல் இருந்திருக்கிறாள். விடிவதற்கு முன் அடிப்பக்கம் மண் வெடித்துச் சிவப்பு தெரிந்தது. கதை இவ்வளவுதான். அவள் முதலில் வெட்டிய வடிவத்தை எனக்குப் போட்டுக் காட்டினாள். வணக்கம், பெயர், ஊர் என்று பத்து நொடி. மூட்டம் போடுவது எப்படி என்ற விளக்கம் அரை நிமிடத்துக்கும் மேல். மண் வெடித்தது கடைசிப் பத்து நொடியில். “அடைச்சுட்டேன், நன்றி” என்று முடிந்துவிட்டது. தகவல் நிறைய இருந்தது. ஆனால் அந்த வெடிப்பு தெரிந்தபோது எனக்குள் ஒன்றும் பதறவில்லை.

இளைஞருக்கு இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. வீடியோவைப் பாதியில் நிறுத்தி, எதிரே இருப்பவரிடம் “அடுத்து என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?” என்று கேட்பார். பதிலே வராவிட்டால் அங்கே இழுப்பு இல்லை. கல்யாண ஆல்பம் பார்க்கிறவர்கள் எங்கே பேச்சுக்குத் திரும்பிவிடுகிறார்கள் என்பதைக் கவனித்தே இதைக் கற்றதாகச் சொன்னார். இந்த வீடியோவை அவர் நிறுத்திய இடத்தில், பக்கத்தில் இருந்த டீக்கடைக்காரர் சொன்ன பதில்: “என்ன, கரி எடுப்பாங்க.”

1895இல் லூமியேர் சகோதரர்கள் காட்டிய படங்களில் ஒன்று எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. ஐம்பது நொடி கூட வராத படம் அது. தோட்டக்காரர் குழாயால் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறார். பின்னாலிருந்து ஒரு பையன் வந்து குழாயை மிதிக்கிறான். தண்ணீர் நின்றுவிடுகிறது. அவர் குழாயின் வாயைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கிறார். பையன் காலை எடுக்கிறான். பார்க்கிற நமக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது, அந்த இடைவெளியில்தான் படமே நிற்கிறது. குழாய் எப்படி வேலை செய்கிறது என்று லூமியேர் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. மிதித்தால் நிற்கும், விட்டால் பீய்ச்சும் என்பதைப் படமே காட்டிவிடுகிறது.

மூட்டத்துக்கும் அப்படி ஒன்று வேண்டியிருந்தது. அது அவள் அப்பா கிளம்பும்போது சொன்ன ஒரே வாக்கியத்தில் கிடைத்தது: “வெள்ளையா பொகஞ்சா விடு, செவப்பு தெரிஞ்சா விடாத.” அரை நிமிட விளக்கம் முழுவதையும் தூக்கிவிட்டு இதை முதல் ஐந்து நொடிக்குள் வைத்தார்கள். அடுத்து, இந்த விறகுக்கு முன்பணம் வாங்கியாயிற்று என்பதற்கு ஒரு வரி. எது போய்விடும் என்று தெரியாமல் பார்க்கிறவர் பயப்பட மாட்டார். இவ்வளவும் பதினான்கு நொடியில் முடிந்தது. இனித் திரையில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் அவள் வாய் திறக்க வேண்டியதே இல்லை.

வாக்குவாதம் இதற்குப் பிறகுதான். சிவப்பு தெரிகிறது, மண்ணை அள்ளி அப்புகிறாள், பக்கத்தில் இன்னொரு இடம் வெடிக்கிறது. டிரம்மில் தண்ணீர் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. அப்புறம்? “அடைச்சுட்டேன்” என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். இளைஞர் விடவில்லை.

“ஒத்தையாளா அடைக்க முடியாது பாப்பா, நானும் மூட்டத்துக்குப் போனவன்தான். யாரு வந்தா?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சித்தப்பா” என்றாள்.

இரண்டு வீட்டுக்கும் வருடக்கணக்கில் பேச்சில்லை. காரணம் ஒரு வரப்புத் தகராறு. அன்றைக்கு மண்வெட்டியைப் போட்டுவிட்டு அவர் வீட்டுக் கதவைத் தட்ட ஓடியிருக்கிறாள். அவர் ஒன்றும் கேட்காமல் குடத்தோடு வந்திருக்கிறார். குடும்ப விஷயம் வெளியே போகக்கூடாது என்று இதைத்தான் முதல் வடிவத்தில் விட்டிருந்தாள். என்னைக் கேட்டால், திருப்பம் தீயில் இல்லை, மண்வெட்டியைக் கீழே போட்ட இடத்தில்தான் இருக்கிறது. தீ தானாக நடப்பது. ஓடுவது அவள் எடுத்த முடிவு.

சித்தப்பாவிடம் கேட்காமல் சேர்க்க முடியாதென்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். அவர் முகம் வேண்டாம், பெயர் வேண்டாம், வரப்பு வேண்டவே வேண்டாம் என்றார். ஆகவே வீடியோவில் வருவது “பேசாத சித்தப்பா வீடு” என்ற மூன்று சொல் மட்டும். சண்டையின் காரணத்தைச் சொன்னால் பார்ப்பவர்கள் யார் பக்கம் நியாயம் என்று பிரிந்துவிடுவார்கள். அதனால் மறைத்ததில் நஷ்டமில்லை.

படத்துக்கு வந்தால், அந்த இரவில் அவள் எடுத்தது நடுங்குகிற சில நொடிச் சிவப்பு மட்டும். அடுக்குவது, பூசுவது எல்லாம் அடுத்த மூட்டத்தில் பகலில் எடுத்தவை. வெடிப்பையும் மறுபடி நடத்தி எடுக்கலாம் என்று ஒரு யோசனை இருந்திருக்கிறது. அவள் மறுத்துவிட்டாள். தினமும் செய்கிற வேலையை வேறொரு நாளில் எடுப்பதும், நடக்காத ஆபத்தை நடந்ததாகக் காட்டுவதும் ஒன்றல்ல என்றே எனக்கும் படுகிறது. ஓடியதற்குப் படமே இல்லாததால் அந்த ஏழு நொடியும் வெறும் கறுப்புத் திரை, மேலே அவள் குரல். கடைசி வடிவத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்தக் கறுப்புதான்.

குரலைக் காட்டில் பதிய முடியாது. காற்று மைக்கில் விழுந்தால் சொல் எல்லாம் கரகரவென்று போய்விடும், பிறகு எந்த ஆப்பாலும் துடைக்க வராது. கண்ணாடி ஏற்றிய வேனுக்குள் உட்கார்ந்து பதிந்தார்கள். ஒரு நிமிடத்துக்கு நூறு சொல்லுக்கு மேல் எழுதினால் மூச்சு விட இடமிருக்காது என்பது இளைஞரின் கணக்கு. திருப்பம் நாற்பதாவது நொடியை ஒட்டி வர வேண்டும் என்றும் வைத்திருக்கிறார். ஐம்பதைத் தாண்டி வந்தால் அதற்குப் பிறகு என்ன ஆனது என்று காட்ட இடமில்லாமல் அறுந்து நிற்கும். யூடியூப் ஷார்ட்ஸ் 2024 அக்டோபரிலேயே மூன்று நிமிடம் வரை நீண்டுவிட்டதே என்றேன். “நீளம் கூடுனா வணக்கம்தாண்ணே திரும்பி வரும்” என்றாள்.

அப்பாவுக்கு மட்டும் ஒரு குறை. ஒரு பக்கம் சாம்பலாகிப் போனது என்று வீடியோ சொல்கிறது, எத்தனை மூட்டை போனது என்று சொல்லவில்லை. “யாவாரி பாத்தா என்ன நெனைப்பான்? மூட்டமே போச்சும்பான்” என்று அவர் கத்த, எண்ணிக்கையைச் சேர்த்தால் சித்தப்பா குடத்தோடு வருகிற இடத்தில் இரண்டு நொடி குறையும் என்று இவள் மல்லுக்கு நின்றாள். நான் கிளம்பும்வரை யாரும் இறங்கி வரவில்லை. இளைஞர் மட்டும், எண்ணை எழுத்தாகத் திரையின் ஓரத்தில் போட்டால் என்ன என்று போனைத் தட்டிக்கொண்டிருந்தார்.