சூப்பும் சக்கையும்

பல் போன பிறகு அம்மா இறைச்சியை வாயில் போட்டு வெகுநேரம் மென்றுவிட்டுச் சக்கையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைப்பாள். பல்செட்டு கட்டியும் சரிவரவில்லை. “மக்களே, தொண்டையில எறங்க மாட்டேங்கு” என்பாள். சரி, இனி மெல்ல வேண்டாம் என்று நான் எடுத்த முடிவுதான் சூப். கோழியையும் ஆட்டுக்காலையும் மிளகு, சீரகம் தட்டிப்போட்டு வேகவைத்து, வடிகட்டி, கிண்ணத்தில் ஆவி பறக்கக் கொண்டுபோய்க் கொடுப்பேன். காலையிலும் இரவிலும் கஞ்சி, நடுவில் சூப், சாயங்காலம் கட்டன் சாயா. வயிறு நிறைந்தது. அம்மாவுக்கும் பிடித்திருந்தது. கோழியின் சத்தெல்லாம் தண்ணீரில் இறங்கிவிட்டது என்று மனதார நம்பினேன்.

அம்மாவின் ஜாக்கெட் தோளில் தொளதொளத்தது. நாற்காலியிலிருந்து எழும்பக் கைப்பிடியை ஊன்ற ஆரம்பித்தாள். 78 வயதில் இதெல்லாம் இருக்கும்தானே என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் குளியலறை வாசலில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது.

எங்கள் நெய்யூரில் 1838-இல் தொடங்கிய மிஷன் ஆஸ்பத்திரி இருக்கிறது. சாப்பாட்டைப் பற்றிக் கேட்க அதுவரை எந்த ஆஸ்பத்திரிக்கும் நான் போனதில்லை. அங்கே கட்டுப் போட்ட பிறகு பார்த்த உணவு ஆலோசகர் அம்மாவின் ஒரு நாள் சாப்பாட்டைச் சொல்லச் சொன்னார். நான் சூப்பைப் பெருமையாகவே சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

“சூப் வடிச்ச பெறவு அந்தக் கறிய யாரு சாப்பிடுவா?”

நாங்கள்தான். நானும் பிள்ளைகளும். குழம்பில் போட்டு, வறுத்து, மிச்சமில்லாமல். சொல்ல வாய் வரவில்லை. அம்மா பக்கத்தில் கையைக் கழுத்தில் மாட்டிய தூளியில் தாங்கியபடி உட்கார்ந்திருந்தாள்.

இறைச்சியின் புரதத்தில் பெரும்பகுதி வெந்த தசையிலேயே தங்கிவிடுகிறது. சூப்பில் இறங்குவது உப்பு, ருசி, கொஞ்சம் கொழுப்பு, எலும்பு மூட்டு ஜவ்விலிருந்து வரும் ஜெலட்டின். தசைக்கு வேண்டிய எல்லா அமினோ அமிலங்களும் ஜெலட்டினில் கிடையாது. வயதானவர்களுக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் குறைந்தது 1 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு 50 கிராம். கஞ்சியையும் சூப்பையும் கூட்டினால் அதில் பாதிகூடத் தேறவில்லை.

அதன்பிறகு சூப்பை விட்டுவிட்டுக் கறியை மிருதுவாக்கப் பழகினேன். நெஞ்சுக்கறி வெந்தால் நார்நாராக உலர்ந்துவிடும். தொடைக்கறியில் கொழுப்பும் ஜவ்வும் அதிகம், வேகவேக அந்த ஜவ்வு இளகும். எலும்பை நீக்கி, நாருக்குக் குறுக்கே சின்னதாக நறுக்கி, தயிரும் உப்பும் பிசறி ஒரு மணிநேரம் வைக்க வேண்டும். பிறகு கொஞ்சம் தண்ணீர் விட்டு, சிறு தீயில் குக்கரில் நன்றாகக் குழைய வேகவிட வேண்டும். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து லேசாக நசுக்கினால் பிரிந்துபோக வேண்டும். வழுக்கிக்கொண்டு நின்றால் இன்னும் வேகவில்லை. வெந்ததை மசித்து, மிளகாய் குறைத்து அரைத்த தேங்காய்க் குழம்பிலேயே கலந்துவிடுவேன். குழம்பில்லாத உலர்ந்த கறித்தூள் வாயில் சிதறிப் புரையேற்றும்.

முட்டையிலும் அப்படித்தான். அவித்த மஞ்சள்கரு மாவாக அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது என்று அம்மா வேண்டாமென்பாள். ஒரு முட்டைக்கு அரை டம்ளர் பால் விட்டு, உப்போ கருப்பட்டிப் பாகோ சேர்த்து அடித்து, வடிகட்டி, மூடிபோட்டு இட்லிச் சட்டியில் சிறு தீயில் அவித்தேன். நடுவில் லேசாக ஆடும்போதே இறக்கிவிடலாம். தீ கூடினால் ஓட்டை ஓட்டையாகித் தண்ணீர் பிரியும், ரப்பராகிவிடும்.

இப்போது காலையில் இந்த முட்டைப்பால், சுமார் 9 கிராம் புரதம். மதியம் மசித்த கோழி 60 கிராம் அளவும் ஒரு கிண்ணம் கெட்டித் தயிரும், சுமார் 20. சாயங்காலம் கட்டன் சாயாவுக்குப் பதில் இரண்டு மேசைக்கரண்டி பால்பவுடர் கரைத்த ஒரு டம்ளர் பால், சுமார் 11. இரவுக் கஞ்சி கொதிக்கும்போதே ஒரு முட்டையை அடித்து ஊற்றிக் கிளறி, முழுவதும் வேகவிட்டு இறக்கினால் இன்னும் 6. மீதியைச் சோறும் பயறும் ஈடுகட்டிவிடும்.

அம்மா கைப்பிடியை ஊன்றாமல் எழும்பப் பல மாதம் ஆனது. மணிக்கட்டு மட்டும் பழையபடி திரும்பவில்லை. தேங்காய் திருவ முடிவதில்லை.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது, மருத்துவரிடம் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். வயதானவர்களுக்குச் சாப்பிடும்போது அடிக்கடி புரையேறினாலோ, சாப்பிட்டதும் குரல் கரகரத்தாலோ, சமையலை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் முதலில் அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.